புதிய மலிவு லப்டொப்பா, கொம்பனி கழித்த பழையதா?

யாழ்ப்பாணக் கடைகளில் லப்டொப் கேட்டுப் போனால், கிட்டத்தட்ட ஒரே காசுக்கு இரண்டு விதமானவற்றை எடுத்து வைப்பார்கள். ஒன்று பெட்டி பிரிக்காத மலிவு விலைப் புதியது. மற்றது வெளிநாட்டுக் கொம்பனி ஏதோ ஒன்று சில ஆண்டுகள் பாவித்துக் கழித்த திங்க்பேட், லட்டிடியூட், எலைட்புக் வகை. காசு கொடுத்துப் பழசை வாங்குவானேன் என்பது வீட்டுப் பெரியவர்களின் நியாயம். அது சைக்கிளுக்குச் சரி. லப்டொப்பில் புதிது, பழையது என்ற பிரிப்பை விட உள்ளே இருக்கும் புரோசசரின் இலக்கம்தான் பெரிய பிரிப்பு.

அண்ணரின் மகளுக்குப் பொறியியல் பீடம் கிடைத்தது. கிளிநொச்சி அறிவியல் நகருக்குப் போகவேண்டும், ஆட்டோகேட் பாவிக்கவேண்டும், நான்கு வருடம் தாக்குப்பிடிக்கவேண்டும். கையில் ஒரு இலட்சத்து இருபதாயிரம் ரூபா. “சித்தப்பா, புதியதுக்கு ஒரு வருட உத்தரவாதம் இருக்கிறதே” என்றாள். அந்தக் கேள்வியில் பிழையில்லை. ஆனால் உத்தரவாதம் எதற்கு என்பதைப் பார்க்கவேண்டும்.

மலிவுப் புதியவற்றிலும் இரண்டு சாதி உண்டு. செலரோன் N4020 அல்லது N4500 போட்டு, 4 ஜிபி ரேமும் 128 ஜிபி இஎம்எம்சி சேமிப்பும் வைத்தவை ஒரு சாதி. அவற்றை வாங்கவே வேண்டாம். இரண்டே கோர், பிரவுசரில் பத்துப் பக்கம் திறந்தாலே மூச்சு வாங்கும். விண்டோஸ் அப்டேட்டுக்கே இடம் தேடி அலையும். மற்றது 2023 இல் வந்த N100 புரோசசரும் 8 ஜிபி ரேமும் எஸ்எஸ்டியும் உள்ளது. இதைக் குறைத்து மதிப்பிடுவது தவறு. அன்றாட வேலையில் 2017–18 காலத்து i5-8250U க்குப் பக்கத்தில் நிற்கும், மின்சாரமும் குறைவாகவே குடிக்கும். இதன் பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது. பல மொடல்களில் ரேம் பலகையோடு சேர்த்து ஒட்டப்பட்டிருக்கும். 8 ஜிபி என்றால் கடைசிவரை 8 ஜிபிதான். ஆட்டோகேட்டுக்கு 8 ஜிபி என்பது ஆரம்ப அளவு. அதோடு பிரவுசரும் பிடிஎப்பும் திறந்திருந்தால் திணறும்.

அடுத்தது கீல். மலிவுப் புதியதின் மூடியை ஒரு மூலையில் பிடித்துத் திறந்து பாருங்கள், உடல் முழுவதும் முறுகும். உள்ளே கீலின் திருகாணிகள் சின்னப் பித்தளைக் குமிழ்களில் பூட்டப்பட்டிருக்கும். அந்தக் குமிழ்கள் பிளாஸ்டிக்கில் சூட்டோடு பதித்தவை. இரண்டு வருடத்தில் கீல் இறுகிவிட, மூடியைத் திறக்கும் விசை முழுக்க அந்தப் பிளாஸ்டிக்கில் போகிறது. ஒருநாள் குமிழ் பிடுங்கிக்கொண்டு வரும், திரையின் ஓரம் வாய் பிளக்கும். அதற்குள் ஒரு வருட உத்தரவாதமும் முடிந்திருக்கும். அலுவலக வகுப்பு மொடல்களில் இந்தக் கோளாறு குறைவு, ஏனெனில் கீல் உலோகச் சட்டத்தில் பூட்டியிருக்கும்.

இனிப் பழையதின் பக்கம். முதலில் பார்க்கவேண்டியது i5- க்குப் பின்னால் வரும் இலக்கம். 8 இல் தொடங்கினால் எட்டாம் தலைமுறை. விண்டோஸ் 11 முறையாக ஏற்கும் இன்டெல் வரிசை, ஓரிரு விலக்குகள் தவிர, அங்கேதான் தொடங்குகிறது. விண்டோஸ் 10 க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. ஆறாம், ஏழாம் தலைமுறை மெஷினிலும் விண்டோஸ் 11 ஐக் குறுக்கு வழியில் ஏற்றிக் கடைக்காரர் காட்டுவார், அது ஓடவும் செய்யும். ஆனால் பெரிய அப்டேட்டுகள் தாமாக வராது. அதுமட்டுமல்ல, i5-7200U இரண்டு கோர், i5-8250U நான்கு கோர். ஒரே ஒரு இலக்கத்தில் இவ்வளவு வித்தியாசம்.

நாங்கள் பார்த்தது திங்க்பேட் டி480. இதில் ரேமுக்கு இரண்டு இடம் இருக்கிறது. (எல்லா அலுவலக மொடலும் இப்படியல்ல, எக்ஸ்1 கார்பனில் ரேம் முழுவதும் ஒட்டியதுதான்.) பற்றரியும் இரண்டு, உள்ளே ஒன்று, வெளியே கழற்றக்கூடியது ஒன்று. கடை மேசையிலேயே கமாண்ட் விண்டோவைத் திறந்து இதை அடித்தோம்:

```
powercfg /batteryreport
```

வந்த அறிக்கையில் DESIGN CAPACITY, FULL CHARGE CAPACITY என்ற இரண்டு வரிகளை ஒப்பிட்டால் போதும். உள் பற்றரி 24 வாட்-மணியில் 15.6 இல் நின்றது, வெளிப் பற்றரி 24 இல் 11. மொத்தம் 26.6. சாதாரண எழுத்து வேலைக்கு எட்டு வாட் போகும் என்று வைத்தால் மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல். 2022 இல் பதின்மூன்று மணி நேர மின்வெட்டைப் பார்த்த ஊருக்கு இது போதாது. ஆனால் வெளிப் பற்றரியை இரண்டு தாழ்ப்பாளைத் தள்ளிக் கையாலேயே மாற்றலாம், 72 வாட்-மணி அளவிலும் அதற்குப் பற்றரி உண்டு. அந்தச் செலவை விலையில் குறைக்கச் சொல்லிப் பேசினோம்.

பற்றரியை விடப் பெரிய பொறி பூட்டுத்தான். மெஷினைத் தொடக்கும்போது F1 ஐ அழுத்துங்கள். அமைப்புகளை மாற்ற சூப்பர்வைசர் கடவுச்சொல் கேட்டால் அங்கேயே வைத்துவிட்டு வரலாம். திங்க்பேட்டில் அது, உள்ளே இருக்கும் நாணயம் போன்ற சின்னப் பற்றரியைக் கழற்றினால் அழிந்துபோகிற சங்கதியல்ல. அடுத்தது, விண்டோஸைப் புதிதாக ஏற்றி, தொடக்க அமைப்பின்போதே இணையத்தில் இணைக்கச் சொல்லுங்கள். பழைய கொம்பனி தன் கணக்கிலிருந்து மெஷினை விடுவிக்காமல் விற்றிருந்தால், அந்தக் கொம்பனியின் பெயரோடு உள்நுழையும் பக்கம் வந்து நிற்கும். இணையம் இல்லாமல் விண்டோஸ் ஏற்றிய மெஷினில் இது தெரியாமலே போகலாம். பிறகு ஒருநாள் விண்டோஸைத் திரும்ப ஏற்றும்போது தலையைக் காட்டும்.

டி480 க்கு மட்டும் இன்னொன்று. அதன் இரண்டு யூஎஸ்பி-சி துளைகளில் தண்டர்போல்ட் வகையானதை இயக்கும் மென்பொருளில் ஆரம்பத்தில் ஒரு பிழை இருந்தது. லெனோவோ 2019 இல் திருத்தம் வெளியிட்டது. திருத்தம் ஏற்றாமலே நீண்டகாலம் ஓடிய மெஷினில் அந்த யூஎஸ்பி-சி துளை செத்துப்போகலாம். இரண்டு யூஎஸ்பி-சி துளைகளிலும் சார்ஜரை மாறிமாறிச் செருகிப் பாருங்கள்.

விண்டோஸ் உரிமம் நேர்மையானதா என்று அறிய slmgr /xpr என்று அடித்தால் ஒரு சின்னப் பெட்டி வரும். அதில் காலாவதித் திகதி தெரிந்தால் பெரும்பாலும் குறுக்கு வழி உரிமம். சுவிஸில் இருந்து உறவினர் கொண்டுவந்த மெஷின் என்றால் விசைப்பலகையையும் கவனியுங்கள், அங்கே Y யும் Z உம் இடம் மாறியிருக்கும். திரையையும் ஒருதரம் வெள்ளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டி480 இலேயே மங்கலான 1366×768 திரை வைத்து வந்தவை உண்டு.

மகளுக்கு டி480 ஐயே எடுத்தோம். மிஞ்சிய காசில் வெளிப் பற்றரியும் இன்னொரு 8 ஜிபி ரேமும் போட்டதில் 16 ஆகியது. எட்டாம் தலைமுறை விண்டோஸ் 11 பட்டியலின் அடிவிளிம்பில் நிற்பதால், அடுத்த விண்டோஸ் வந்தால் முதலில் கழற்றிவிடப்படுவதும் அதுவாகவே இருக்கலாம். அவளின் நான்கு வருடத்துக்கு அது எனக்குப் பெரிய கவலையாகத் தெரியவில்லை. இதே காசோடு சாதாரண தரம் படிக்கும் பிள்ளைக்கோ, மேலே சொன்ன சோதனைகளைச் செய்ய ஆளில்லாத வீட்டுக்கோ வாங்குவதென்றால் N100, 8 ஜிபி, எஸ்எஸ்டி உள்ள புதியதையே சொல்வேன். வாங்கும்போது ரேமுக்குத் தனி இடம் இருக்கிறதா, பழுதானால் இங்கேயே பார்ப்பார்களா அல்லது கொழும்புக்கு அனுப்புவார்களா என்ற இரண்டையும் பற்றுச்சீட்டு எழுத முன்னம் கேட்டுவிடுங்கள்.