கிழமை சரிபார்க்க எது பெட்டர்: மொத்த நாளை எண்றதா, மாசம் மாசமா தாவறதா?

சில மாசம் தள்ளி வர்ற ஒரு தேதிக்கு கிழமை போட்டு வெச்சா அதை ரெண்டு விதமா செக் பண்ணலாம். ரொம்ப நாள் நான் முதல் வழியிலதான் பண்ணேன், ஒரு தடவை சரியா ஒரே ஒரு நாள் தப்பிப்போனதுல இருந்து ரெண்டாவதுக்கு மாறிட்டேன்.

முதல் வழி எல்லாருக்கும் தெரிஞ்சது, நடுவுல இருக்கற மொத்த நாளையும் கூட்டி 7-ஆல வகுத்து மீதியை கிழமையோட கூட்டணும். உதாரணத்துக்கு 2027 நவம்பர் 18 வியாழன், 2028 ஏப்ரல் 5 என்ன கிழமை? நவம்பர்ல பாக்கி 12, அப்புறம் 31, 31, லீப் வருஷம்கிறதால 29, 31, ஏப்ரல்ல 5, மொத்தம் 139. மீதி 6, வியாழனுக்கு அப்புறம் ஆறாவது நாள் புதன்.

சிக்கலே அந்த "நவம்பர்ல பாக்கி" தான். 18-ஆம் தேதியையும் சேர்த்து எண்ணி 13-னு போட்டா 140 வரும், மீதி 0, விடை வியாழன். ஏழால மீதியில்லாம வகுபடறதைப் பார்த்தா இன்னும் நம்பிக்கைதான் வரும், சந்தேகமே வராது! இதைவிட மோசம், 13-ம் போட்டு பிப்ரவரியையும் 28-னு எடுத்தா திரும்ப 139 வந்துடும், ரெண்டு தப்பும் அடிபட்டு விடை மட்டும் சரியா இருக்கும்.

மாசத் தாவல்ல இந்த பாக்கி நாள் பேச்சே கிடையாது, அதுக்காகவே எனக்கு இது பிடிச்சிருக்கு. 18-ல இருந்து அடுத்த மாசம் 18-க்கு தாவறோம், கிளம்பற மாசத்தோட நாள்ல 28 போக மிச்சம் எவ்வளவோ அதை மட்டும் கூட்டணும். நவம்பர் 2, டிசம்பர் 3, ஜனவரி 3, பிப்ரவரி 1, மார்ச் 3, ஆக 12, ஏழு போனா 5. வியாழன் கூட 5, ஏப்ரல் 18 செவ்வாய். ரெண்டு வாரம் பின்னாடி போனா ஏப்ரல் 4-ம் செவ்வாய், அப்போ 5 புதன்.

ஆனா பிப்ரவரி 29-ஐ மறந்தா இதுவும் காப்பாத்தாது, அதையே திரும்பப் போட்டுப் பார்த்தாலும் அதே தப்புதான் வரும். அதுக்கு கணித நிபுணர் ஜான் கான்வே கிழமை கண்டுபிடிக்கச் சொன்ன முறையில இருந்து ஒரு துண்டை எடுத்துக்கறேன்: ஒரே வருஷத்துல 4/4, 6/6, 8/8, 10/10, 12/12 அஞ்சும் ஒரே கிழமைல விழும். 2028-க்கு அது செவ்வாய், ஏப்ரல் 5 புதன்னு உடனே தெரிஞ்சிடுது. வருஷத்துக்கான கிழமையை மனசுலயே கண்டுபிடிக்கற அளவுக்கு நான் இன்னும் பழகல, இந்த வருஷம், அடுத்த வருஷம் ரெண்டுக்கு மட்டும் காலண்டரைப் பார்த்து குறிச்சு வெச்சிருக்கேன்.