முதல் வரியில் முடிவு: இரண்டு ஆண்டுகள் மின்னஞ்சலைத் திருப்பி எழுதிப் பார்த்த அனுபவம்

வாளையாறு பக்கம் ஓர் ஏற்றுமதி அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்திருக்கும் என் அக்கா மகன் போன வாரம் கேட்டான்: “மாமா, நீங்க நீளமா எழுதின மெயிலத் திருப்பிப் போட்டுச் சின்னதாக்கித்தான் அனுப்புவீங்களாமே, அதுல நெஜமாவே பிரயோசனம் இருக்குதுங்களா?” அவன் கேட்ட அதே வாரத்தில்தான், அப்படிச் சின்னதாக்கிய ஒரு மின்னஞ்சலால் எழுந்த கண்டெய்னர் வாடகைத் தகராறு ஒன்றை, பாதித் தொகையை நாங்களே ஏற்றுக்கொண்டு முடித்திருந்தோம். அந்தக் கோபம் இன்னும் தணியாத நிலையில் எழுதுகிறேன். ஆனாலும் இந்த முறைக்கு உரிய நியாயத்தைச் செய்ய முயல்கிறேன்.

முறை என்னவென்று பலருக்கும் தெரியும். பெறுநர் எடுக்க வேண்டிய முடிவை முதல் வரியிலும், அதற்கான காரணத்தை அடுத்தும் வைத்து, மற்றவற்றை நீக்குவது. அமெரிக்க ராணுவத்தின் கடிதப் போக்குவரத்து விதியான ஏஆர் 25-50 இதையே தன் அலுவலகங்களுக்குக் கட்டளையாகச் சொல்கிறது. நான் அங்கிருந்து கற்கவில்லை. கொழிஞ்சாம்பாறையில் தேங்காய் நார்த்தூளான காயர் பித் தயாரிக்கும் எங்கள் ஆலையின் உலர்களத்தில் பெய்த மழையால் கற்றேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜூலை மாதம். நெதர்லாந்தில் உள்ள ஒரு வாடிக்கையாளருக்கு 40 அடி கண்டெய்னரில் 20 பேலட், 5 கிலோ பிளாக்குகளாக, கொச்சியின் வல்லார்பாடம் துறைமுகம் வழியாகப் போக வேண்டியிருந்தது. உப்பைப் போக்கக் கழுவிய பித்தைக் களத்தில் பரப்பி, ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கிய பிறகுதான் பிளாக் அடிப்போம். மழை விடாததால் நான்கு பேலட்டுக்கான சரக்கு காயவில்லை. காய்ந்த 16 பேலட்டை அந்த வாரக் கப்பலில் அனுப்புவதா, 20 பேலட்டையும் அடுத்த வாரக் கப்பலில் அனுப்புவதா என்று வாடிக்கையாளர்தான் சொல்ல வேண்டும். பேலட் எண்ணிக்கை மாறினால், சுங்கத்துக்குத் தரும் ஷிப்பிங் பில்லில் எடை மாறும். சரக்கேற்றிய கண்டெய்னரின் மொத்த எடையைக் காட்டும், 2016 ஜூலை முதல் கட்டாயமான வி.ஜி.எம். எடைச் சான்றும் மாறும். ஆகவே துறைமுகம் சரக்கை ஏற்கும் கடைசி நேரமான வியாழக்கிழமை கட்-ஆஃபுக்கு வண்டி போய்ச் சேர, புதன் மதியத்துக்குள் பதில் வந்தாக வேண்டும்.

திங்கள் மாலை ஆறு மணிக்கு நான் எழுதிய மின்னஞ்சலில் பத்துப் பத்திகள் இருந்தன. நலம் விசாரித்தல், மழை தொடங்கிய நாள், களத்தில் தார்பாய் போட்டது, காய்ந்த சரக்கின் ஈர அளவு, காயாததன் ஈர அளவு, கொச்சியில் உள்ள எங்கள் கப்பல் ஏஜென்ட் தொலைபேசியில் சொன்னது, சென்ற ஆண்டும் இப்படி நடந்தது என்று நடந்த வரிசையிலேயே எல்லாவற்றையும் எழுதி, ஒன்பதாவது பத்தியின் நடுவில், “ஆகவே இரண்டில் எதைத் தாங்கள் விரும்புகிறீர்கள் என்பதைப் புதன்கிழமைக்குள் தெரிவித்தால் உதவியாக இருக்கும்” என்று கேட்டிருந்தேன். அரை மணி நேரத்தில் பதில் வந்தது: தகவலுக்கு நன்றி, மழை விரைவில் நிற்கட்டும். அவர் கைபேசியில் முதல் இரண்டு பத்திகளைப் படித்திருக்கிறார். அதில் அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. நாங்கள் புதன் மாலை வரை காத்திருந்தோம். கண்டெய்னருக்கான இடம் கைவிட்டுப் போனது.

அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். நீளமான வரைவை எழுதுவதை நான் நிறுத்தவில்லை. பெறுநர் முகவரியை நிரப்பாமல் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் “ஆகவே”, “எனவே”, “தயவுசெய்து” ஆகிய சொற்களைத் தேடுகிறேன். நாங்கள் அனுப்புவது ஆங்கிலம் என்பதால், தேடுவது அவற்றின் ஆங்கில இணைகளை. கேட்க வேண்டியது பெரும்பாலும் அந்தச் சொற்களில் ஒன்றுக்குப் பின்னால், கடைசி இரண்டு பத்திகளில்தான் இருக்கிறது. நடந்ததை நடந்த வரிசையில் நினைத்துப் பார்க்கும் மனம் முடிவைக் கடைசியில்தான் கண்டுபிடிக்கும்; அது எழுதுகிறவனின் வரிசை. படிக்கிறவருக்கு அந்த வரிசை தேவையில்லை. அந்த வாக்கியத்தை அப்படியே தூக்கி முதல் வரியில் வைத்துவிட்டு, நாள், மணி, பதில் வராவிட்டால் நாங்கள் என்ன செய்வோம் என்பதை அதனுடன் சேர்க்கிறேன். மணியை அவருடைய நேரத்தில் எழுதுகிறேன். கோடைக்காலத்தில் நம் மதியம் 12 மணி நெதர்லாந்தில் காலை 8.30. பிறகு மீதியுள்ள ஒவ்வொரு வாக்கியத்தையும் பார்த்து, இது இல்லாவிட்டால் அவருடைய பதில் மாறுமா என்று கேட்டு, மாறாதவற்றை நீக்குகிறேன். தார்பாய் போகும், சென்ற ஆண்டு நடந்தது போகும், ஈர அளவு ஒரு வரியாக நிற்கும்.

கொச்சி ஏஜென்டிடம் இது கண்ட பலனை எத்தனை புகழ்ந்தாலும் தகும். நாளுக்கு எத்தனையோ ஆலைகளின் கடிதங்களைப் பார்க்கும் மனிதர் அவர். பொருள் வரியிலேயே “வியாழன் கட்-ஆஃப்: எடைத் திருத்தம் இன்று 4 மணிக்குள் வேண்டும்” என்று இருந்தால், மின்னஞ்சலைத் திறக்காமலேயே வேலையைத் தொடங்கிவிடுகிறார். முன்பு ஒரு திருத்தத்துக்கு மூன்று முறை தொலைபேசியில் அழைப்பேன். இப்போது அழைப்பதே அரிது.

என்னை விடாமல் உறுத்தும் குறை இனி. முதல் வரி நன்றாக அமைந்துவிட்டால், படிப்பவர் அதோடு நின்றுவிடுகிறார். இந்த ஆண்டும் மழை, இந்த ஆண்டும் அதே வாடிக்கையாளர், அதே 16-க்கும் 20-க்கும் இடையிலான கேள்வி. நான் அனுப்பியது இது. ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் தருகிறேன்.

“இந்த வாரக் கப்பலில் 16 பேலட் அனுப்பவா, அல்லது 20 பேலட்டையும் அடுத்த வாரம் அனுப்பவா என்பதைப் புதன்கிழமை உங்கள் நேரம் காலை 8.30-க்குள் தெரிவியுங்கள். பதில் வராவிட்டால் அடுத்த வாரத்துக்கு மாற்றுவோம். காரணம்: மழையால் 4 பேலட்டுக்கான சரக்கு இன்னும் காயவில்லை. காய்ந்த 16 பேலட்டின் ஈர அளவு வரம்புக்குள் உள்ளது. 16 மட்டும் அனுப்பினாலும் கண்டெய்னர் வாடகை முழுதும் உண்டு; அந்தக் கூடுதல் தங்கள் கணக்கில் வரும்.”

பதினோரு நிமிடத்தில் பதில் வந்தது: 16 அனுப்புங்கள். அன்று நான் மகிழ்ந்தேன். பில் போனபோது அவர் வெகுண்டார். எங்கள் விலையில் கடல் வாடகையும் அடக்கம். வாடகை கண்டெய்னருக்கு, சரக்கின் அளவுக்கு அன்று. 20 பேலட்டில் பங்கிட வேண்டியதை 16-இல் பங்கிட்டால் ஒவ்வொரு பேலட்டின் மேலும் வாடகை நான்கில் ஒரு பங்கு ஏறுகிறது. இதை யாரும் தன்னிடம் சொல்லவில்லை என்றார். நான் சொல்லியிருந்தேன், ஐந்தாவது வாக்கியத்தில். கடிதத்தை அனுப்பிக் காட்டினேன். அவர் படித்துவிட்டு, பாதியைத் தான் தருவதாகச் சொன்னார். எங்கள் முதலாளி ஒப்புக்கொண்டார்.

நான் இந்தப் பிழையைப் பல நாட்கள் தவறான இடத்தில் தேடினேன். அவர் முழுதும் படித்திருக்க வேண்டும் என்றே நினைத்தேன். ஆனால் பத்துப் பத்திகளைப் படிக்காதவர் ஐந்து வாக்கியங்களையும் படிக்க மாட்டார் என்பது எனக்கு முன்பே தெரியும். அதனால்தானே இந்த முறைக்கே வந்தேன். உண்மையில், கேள்வியை மட்டும் மேலே தூக்கிவிட்டு, அந்தக் கேள்விக்கான பதிலை மாற்றக்கூடிய நிபந்தனையைக் கீழே விட்டிருந்தேன். வாடகை ஏறும் என்பது காரணம் அன்று, விவரமும் அன்று. அது கேள்வியின் ஒரு பாதி. இப்போது எழுதினால் முதல் வரி இப்படி இருக்கும்: “16 பேலட்டை, கண்டெய்னர் வாடகை முழுதையும் நீங்கள் ஏற்பதாக இருந்தால், இந்த வாரம் அனுப்பவா, அல்லது வாடகை மாறாமல் 20 பேலட்டையும் அடுத்த வாரம் அனுப்பவா?” இந்த வாக்கியம் நீளமானது, அழகானதும் அன்று, ஆனால் இதற்கு “16 அனுப்புங்கள்” என்று பதில் சொல்கிறவர் வாடகைக்கும் சேர்த்தே பதில் சொல்கிறார்.

இதைச் சோதிக்க நான் கண்ட வழி எளிது. முதல் வாக்கியத்துக்குக் கீழே உள்ள அனைத்தையும் கையால் மறைத்துவிட்டு, பெறுநர் சொல்லக்கூடிய ஒவ்வொரு பதிலையும் எழுதிப் பார்க்கிறேன். அவற்றில் ஏதாவது ஒன்று வந்தால், “ஆனால் கீழே சொல்லியிருந்தேனே” என்று நான் சொல்ல நேருமா? நேரும் என்றால், அந்தக் கீழ்வரி மேலே ஏற வேண்டும். மேலே ஏற்ற இடமில்லாமல் இரண்டு மூன்று நிபந்தனைகள் நெருக்கினால், அது ஒரு மின்னஞ்சலில் கேட்கக்கூடியதே அன்று. தொலைபேசியில் பேசிவிட்டு, பேசியதைச் சுருக்கமாக எழுதி உறுதிசெய்வதே சரி.

தரக் குறைவுப் புகாருக்குப் பதில் எழுதும்போது நான் இந்த முறையைப் பயன்படுத்துவதில்லை. உப்பு கூடிவிட்டது என்று ஒருவர் புகைப்படத்தோடு எழுதும்போது, முதல் வரியில் “மாற்றுச் சரக்கு தர இயலாது” என்று தொடங்குவது, எத்தனை நியாயம் இருந்தாலும், அவரைக் கேளாமல் தீர்ப்புச் சொன்னது போலாகிவிடுகிறது. அங்கே எந்தத் தொட்டியில், எத்தனை முறை கழுவினோம், எங்கள் அளவீடு என்ன காட்டியது என்று வரிசையாகச் சொல்லிவிட்டுத்தான் முடிவுக்கு வருகிறேன்.

அக்கா மகனுக்கு நான் சொன்னது: ஏஜென்டுக்கும் வண்டிக்காரருக்கும் இன்றைக்கே இப்படி எழுதத் தொடங்கு, யோசிக்காதே. பணம் மாறும் எதையும் வாடிக்கையாளருக்கு எழுதும்போது, குறைந்தது ஓர் ஆண்டுக்கு, நீளமாகவே எழுது. அவன் ஏமாற்றத்தோடு கேட்டான், “அப்ப நீங்க மட்டும் ஏனுங்க மாமா சின்னதா எழுதறீங்க?” எனக்கு அந்தத் திங்கள்கிழமையின் பத்துப் பத்திகளும் நினைவில் இருக்கின்றன, இப்போது பாதி வாடகையும் நினைவில் இருக்கிறது. அடுத்த ஜூலைக்கு இன்னும் சில மாதங்கள் உள்ளன. அதற்குள் உலர்களத்துக்குக் கூரை போடச் சொல்லி முதலாளிக்கு எழுத வேண்டும். செலவு எவ்வளவு, எதற்குள் முடிவு வேண்டும் என்ற இரண்டையும் ஒரே வாக்கியத்தில் அடக்கி நேற்று ஒரு வரைவு எழுதி வைத்திருக்கிறேன்.