லேபிள் சொல்லாததைத் தராசு சொன்னது

அம்மாவுக்குப் பழைய மெத்தை மாதிரியே இன்னொன்று வேண்டும். நடுவில் பள்ளம் விழுந்துவிட்டதால் மாற்றச் சம்மதித்தார், ஆனால் அதே கெட்டி இருக்கணும் என்பதில் உறுதியாக இருந்தார். நான் நியூ ஜெர்சியிலிருந்து கிளம்புவதற்கு முன்பே லேபிளைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். மாடல் பெயர், 75 x 36 x 5 அங்குலம் என்ற அளவு, தயாரித்த மாதம், எம்.ஆர்.பி. எல்லாம் அதில் இருந்தன. உள்ளே என்ன ஃபோம் என்று மட்டும் ஒரு வார்த்தை இல்லை. அமெரிக்காவில் மெத்தை ஓரத்தில் ஒரு சீட்டு தைத்திருக்கும். உள்ளே அடைத்திருப்பது என்ன, எடையில் ஒவ்வொன்றும் எத்தனை சதவீதம் என்று அதில் போட்டே ஆகவேண்டும். அதைப் பார்த்துப் பழகியவனுக்கு இந்த லேபிள் எரிச்சலாகத்தான் இருந்தது.

மதுரையில் முதலில் போனது ஒரு பெரிய ஷோரூம். படத்தைச் சரியாகக்கூடப் பார்க்காமல், "அந்த மாடல் நின்னுபோச்சு சார்" என்றார் விற்பனையாளர். நேராக 8 அங்குல 'ஆர்த்தோ' மெமரி ஃபோமுக்குக் கூட்டிப்போனார். எம்.ஆர்.பி. 24,000, தள்ளுபடி போக 13,500 ரூபாய். அடியில் என்ன ஃபோம் என்று கேட்டால் பதில் இல்லை. துண்டுப்பிரசுரத்தில் பொடி எழுத்தில் இருந்தது: மேலே 1 அங்குலம் மெமரி, மீதி 7 அங்குலம் சாதாரண பி.யூ. ஃபோம். 'ஆர்த்தோ' என்பது கம்பெனிகள் இஷ்டப்படி ஒட்டும் பெயர், அதை வைத்துக் கெட்டியைக் கணிக்க முடியாது.

இன்னொன்றும் உறுத்தியது. மெமரி ஃபோம் குளிரில் இறுகும், சூட்டில் இளகும். ஷோரூம் ஏசியில் அது கெட்டியாகத்தான் தெரிந்தது. ஏசி இல்லாத அம்மா அறையில், மே மாதத்தில், இடுப்பு அமுங்கிப்போய் எழுந்திருக்கவே சிரமப்படுவார்.

அப்புறம் தெற்கு மாசி வீதிப் பக்கம் ஒரு சின்னக் கடை. வில்லோடு வாசலுக்கு வந்து இலவம்பஞ்சு கொட்டித் தைத்துக் கொடுப்பார்களே, அந்த வேலையிலிருந்து கடைக்கு வந்தவர் கடைக்காரர் பாய். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "அளவு இருக்குல்ல தம்பி, அது போதும். வீட்டுக்குப் போயி எடை போட்டுச் சொல்லுங்க" என்றார்.

பெட்டி எடை பார்க்க எடுத்துவந்த கொக்கித் தராசைக் கூடத்து ஊஞ்சல் கொக்கியில் மாட்டினேன். பக்கத்து வீட்டுத் தம்பி கைகொடுக்க, கயிறு கட்டி மெத்தையைத் தொங்கவிட்டோம். 18.5 கிலோ காட்டியது.

பாய் போட்ட கணக்கு இதுதான். டென்சிட்டி என்பது ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ என்பது. 75 x 36 x 5 அங்குலம் என்றால் சுமார் 0.22 கன மீட்டர். முழுக்க 32 டென்சிட்டி பி.யூ. ஃபோமாக இருந்தால் 7 கிலோ, 40 என்றால் 9 கிலோதான் வரும். ஆக, இதில் கனமான ஒரு அடுக்கு இருக்கிறது. உறைக்கு 1 கிலோ கழித்தால் 17.5. கீழே 4 அங்குலம் 90 டென்சிட்டி, மேலே 1 அங்குலம் 32 என்று வைத்தால் ஏறக்குறைய 17.3 கிலோ, சரியாகப் பொருந்துகிறது.

கனமான அடுக்கு, ஃபோம் துணுக்குகளை அழுத்தி ஒட்டிச் செய்யும் ரீபாண்டட் ஃபோமா, ரப்பர் போட்ட தேங்காய்நாரா என்பதை எடை சொல்லாது, இரண்டும் கனம்தான். "கட்டில் பலகையில பழுப்பா தூள் கொட்டிக் கெடக்கா?" என்று கேட்டார். நார் என்றால் நாளடைவில் உதிரும். தூள் இல்லை. ஓரத் தையல் விட்ட இடத்தில் விரலால் விலக்கிப் பார்த்தேன்: நீலம், மஞ்சள், சிவப்பு ஃபோம் துணுக்குகள் ஒன்றாக அழுத்தி ஒட்டியிருந்தன. ரீபாண்டட்தான்.

டென்சிட்டி கூடினால் கெட்டி கூடும் என்பதும் எப்போதும் சரியில்லை. அழுத்த எவ்வளவு விசை வேண்டும் என்பதுதான் கெட்டி. 50 டென்சிட்டி மெமரி ஃபோம்கூட மெத்தென்றுதான் இருக்கும். அதனால் அம்மாவை ஆட்டோவில் கூட்டிவந்து, கடையில் அதே அடுக்கில் இருந்த மெத்தையில் ஒருக்களித்துப் படுக்கவைத்தார் பாய். பள்ளம் விழாத புதுசு என்பதால் கொஞ்சம் கூடுதல் கெட்டியாகத் தெரியும், ஒரு மாதத்தில் பழகிவிடும் என்று முன்கூட்டியே சொன்னார். விலை 7,800 ரூபாய். நியூ ஜெர்சியில் மெத்தை வாங்கியபோது இப்படி உட்காரவைத்துக் கணக்குப் போட்டுக் காட்டிய ஆள் எனக்குக் கிடைக்கவில்லை.

பில்லில் மாடல் பெயரோடு நிறுத்தாமல், '4 அங்குலம் ரீபாண்டட் 90, மேலே 1 அங்குலம் பி.யூ. 32' என்று எழுதித் தரக் கேட்டேன். மறுக்காமல் எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார். நீங்களும் ஊரில் வீட்டுப் பெரியவர்களுக்கு வாங்கினால் அடுக்கு, தடிமன், டென்சிட்டி மூன்றையும் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுக்கும் கடையில் வாங்கவேண்டாம்.