தையல் தளத்தில் தீ: எந்த சிலிண்டர், எந்த வெளியேற்ற முறை?

பெங்களூரில் பொம்மனஹள்ளி, பீன்யா பக்கம் உள்ள கார்மெண்ட்ஸ் கட்டடங்களில் பாதுகாப்புக் குழு கூடும்போதெல்லாம் இரண்டு வாதங்கள் எழும். தீயணைக்கத் தளம் முழுக்க ஏபிசி பவுடர் சிலிண்டரே போதுமா, தண்ணீர் சிலிண்டரும் வேண்டுமா? அலாரம் அடித்தால் எல்லா மாடியும் ஒரே நேரத்தில் இறங்க வேண்டுமா, மாடி மாடியாகவா? இரண்டையும் ஒரே கட்டடத்தில் வைத்துப் பார்க்கலாம். தரைத்தளத்தில் ஸ்டோர், மேலே நான்கு மாடி, மாடிக்கு 250 பேர், ஒன்றரை மீட்டர் அகலத்தில் இரண்டு படிக்கட்டு. தீ இரண்டாம் மாடியில், ஒரு தையல் மெஷின் மோட்டாருக்குக் கீழே சேர்ந்த பஞ்சுத் தூசியில் பிடிக்கிறது. பக்கத்திலேயே வெட்டிய துணி பண்டில்கள்.

எரிபொருள், வெப்பம், ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்தால்தான் தீ. இங்கே எரிபொருள் துணியும் தூசியும், வெப்பம் மோட்டாரில் இருந்து வருகிறது. எந்த சிலிண்டர் நல்லது என்று கேட்பதைவிட, அது இந்த மூன்றில் எதைப் பறிக்கிறது என்று கேட்பதுதான் பயன் தரும்.

ஏபிசி பவுடர் சுடரை வேகமாக அடித்துவிடும், அதில் சந்தேகமில்லை. துணியின் மேல் உருகிப் படிந்து காற்றையும் ஓரளவு தடுக்கும். ஆனால் சூட்டைப் பெரிதாகக் குறைக்காது, அடுக்கிய பண்டிலின் உள்ளே போகவும் போகாது. பருத்தியோ சுடர் இல்லாமலே உள்ளுக்குள் கனன்றுகொண்டிருக்கும். மேலே வெள்ளைப் பவுடர், உள்ளே நீறு பூத்த நெருப்பு. ஹெல்பர் யாராவது பண்டிலை இழுத்துப் பிரித்தால் காற்று புகுந்து மறுபடி பற்றிக்கொள்ளும். அணைத்துவிட்டோம் என்று நம்பி எல்லோரும் திரும்பும் நேரத்தில்தான் இது நடக்கும். தொட்டுப் பார்த்தால் சூடு இருக்கும், கருகிய வாடை போகாது. அந்த அறிகுறி இருக்கும்வரை அணையவில்லை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். இன்னொரு சங்கடமும் உண்டு. மூடிய தளத்தில் பவுடர் அடித்தால் சில விநாடிகளில் முன்னால் இருப்பது தெரியாது. படிக்கட்டு வாசலுக்குப் பக்கத்தில் அடித்தால், வெளியேறுபவர்களின் கண்ணை நாமே மறைத்ததாகிவிடும்.

9 லிட்டர் தண்ணீர் சிலிண்டர் துணிக்குள் இறங்கிச் சூட்டை எடுக்கிறது. 6 கிலோ பவுடர் பதினைந்து இருபது விநாடியில் தீர்ந்துவிடும், தண்ணீர் ஒரு நிமிடம் வரை வரும். அதன் ஒரே பெரிய குறை மின்சாரம். மோட்டாருக்கு மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது தண்ணீர் அடிக்கவே கூடாது. அதனால் அந்த லைனின் மெயின் சுவிட்ச் எது என்று லைன் சூப்பர்வைசருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கார்பன் டை ஆக்சைடு மின்சாரத்துக்குப் பயமில்லை, பேனல் போர்டுக்கு அதுதான் சரி. ஆனால் தூசித் தீக்கு வேண்டாம். அதன் வேகமான வீச்சு எரியும் தூசியைக் கிளப்பிப் பக்கத்து லைனுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். வாயு கலைந்ததும் சூடான துணி மறுபடி பற்றும்.

'ஏபிசி'யில் உள்ள 'சி' என்றால் கரண்ட் என்று நினைக்கிறவர்கள் தளத்தில் நிறைய பேர். அமெரிக்க வகைப்பாட்டில்தான் அப்படி. நம் நாட்டு முறையில் ஏ என்பது துணி, மரம், காகிதம். பி என்பது தின்னர் மாதிரி திரவம். சி என்பது கேன்டீன் கேஸ் போன்ற வாயு. மின்சாரத்துக்குத் தனி எழுத்து கிடையாது. மின்சாரத்தைத் துண்டித்தபின், எரிவது என்னவோ அதுதான் வகை.

என் முடிவு இது: தையல், கட்டிங் தளங்களில் தண்ணீர் சிலிண்டரும் ஹோஸ் ரீலும் முதன்மை. பேனல் போர்டுக்கும் சர்வர் அறைக்கும் கார்பன் டை ஆக்சைடு. கறை எடுக்கத் தின்னர் வைத்திருக்கும் மேசைக்குப் பக்கத்தில் ஏபிசி. தளம் முழுக்க ஏபிசி வைப்பது வாங்குகிறவருக்கு எளிது, அவ்வளவுதான்.

இனி வெளியேற்றம். ஒரு சிலிண்டரால் ஒரு பண்டில் அளவுத் தீயைத்தான் சமாளிக்க முடியும் என்பதால், சிலிண்டரைத் தூக்கும் அதே நொடியில் அலாரமும் அடிக்க வேண்டும். அணைகிறதா பார்ப்போம், அப்புறம் அடிப்போம் என்பது கூடாது.

ஒன்றரை மீட்டர் படிக்கட்டில் நிமிடத்துக்குச் சுமார் 65 பேர் இறங்க முடியும் என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் சேர்த்து 130. தீப்பிடித்த மாடியை மட்டும் முதலில் இறக்கினால் 250 பேரும் இரண்டு நிமிடத்தில் படிக்கட்டுக்குள் வந்துவிடுவார்கள். எல்லோரும் ஒன்றாக இறங்கினால் முதல் மாடிக்காரர்கள் கீழே வழியை அடைத்துக்கொள்வார்கள், மேலே இருந்து மூன்றும் நான்கும் வந்து சேரும். ஒவ்வொரு திருப்பத்திலும் பாதிக்குப் பாதி கலக்கிறார்கள் என்று கணக்குப் போட்டால் இரண்டாம் மாடி காலியாகக் கிட்டத்தட்ட ஆறு நிமிடம் ஆகும். காகிதத்தில் மாடி மாடியாக இறங்குவதே வெற்றி.

ஆனால் அந்த முறை நம்பியிருப்பது வேறு சில விஷயங்களை. படிக்கட்டு தீத்தடுப்புக் கதவுகளால் மூடியிருக்க வேண்டும், மாடிக்கு மாடி புகை போகாத தரை வேண்டும், எந்த மாடிக்கு என்ன செய்தி என்று சொல்லும் ஒலிபெருக்கி வேண்டும், அதைக் கன்னடம், தமிழ், இந்தி, ஒடியா என்று நாலு மொழியிலும் சொல்ல வேண்டும். திறந்த படிக்கட்டும், திருப்பங்களில் அடுக்கிய அட்டைப்பெட்டியும் உள்ள கட்டடத்தில் இதெல்லாம் இல்லை. காத்திருக்கச் சொல்வதில் உள்ள ஆபத்தை 2012 நவம்பரில் டாக்கா அருகே தஸ்ரீன் ஆலையில் பார்த்தோம். தரைத்தளக் கிடங்கில் தீ. அலாரம் அடித்தும், ஒன்றுமில்லை வேலையைப் பாருங்கள் என்று தொழிலாளர்களை மேலாளர்கள் திருப்பி அனுப்பினார்கள். நூற்றுப் பத்துக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

அதனால் இந்தக் கட்டடத்துக்கு நான் ஒரே நேர வெளியேற்றத்தையே எடுப்பேன், இரண்டு திருத்தங்களோடு. ஒன்று, ஒவ்வொரு மாடியையும் லைன் கணக்கில் இரண்டாகப் பிரித்து, ஆளுக்கு இந்தப் படிக்கட்டு என்று முன்பே சொல்லிவிடுவது. இரண்டு, தீ மேலே என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும், முதல் மாடியினர் மெஷினை விட்டு எழுந்து படிக்கட்டு வாசலில் நின்று, மேலிருந்து வருகிறவர்களுக்கு வழி விடுவது. அப்படி விட்டால் இரண்டாம் மாடி நாலு நிமிடத்துக்குள் காலியாகும். தீ எங்கே என்று தெரியாவிட்டால் யாரையும் நிறுத்தக் கூடாது.

ஒத்திகை இதைத்தான் சோதிக்க வேண்டும். முதல் ஒத்திகையை முன்கூட்டிச் சொல்லிச் செய்யலாம், பாதை பழகட்டும். அடுத்தது சொல்லாமல், ஷிப்ட் நடுவில், ஒரு படிக்கட்டை மூடிவிட்டு. மதியச் சாப்பாட்டுக்கு ஐந்து நிமிடம் முன்னால் மணியடித்தால் பாதிப் பேர் ஏற்கெனவே எழுந்திருப்பார்கள், அந்த நேரக் கணக்கால் பயனில்லை. பதிவேட்டில் மொத்த நேரத்தை மட்டும் எழுதாமல், தீ மாடியின் கடைசி ஆள் படிக்கட்டுக்குள் போன நேரத்தையும் எழுதுங்கள். தலை எண்ணும்போது ஹவுஸ்கீப்பிங், ஒப்பந்த ஆட்கள் பெயரும் பட்டியலில் இருக்கட்டும்.

எந்த முறையானாலும் அதைக் குலைக்கக்கூடியது குழந்தைக் காப்பகம். அலாரம் கேட்டதும் தாய் தன் குழந்தையிடம்தான் ஓடுவாள், கூட்டத்துக்கு எதிராக ஓட நேர்ந்தாலும். ஓடாதே என்று அவளிடம் சொல்லிப் பயனில்லை. காப்பகம் தரைத்தளத்தில், ஸ்டோரிலிருந்து தள்ளி, தனி வாசலோடு இருக்க வேண்டும். ஆயாக்கள் குழந்தைகளைக் கூடும் இடத்துக்குக் கொண்டுவந்து சேர்ப்பதை ஒவ்வொரு ஒத்திகையிலும் தாய்மார்கள் கண்ணால் பார்க்க வேண்டும். பார்த்தவர்கள்தான் நேராக வெளியே வருவார்கள்.