ஆட்டோ லாக், ரிவர்சிபிள், ஒத்தைத் தோல்: எந்த பெல்ட் யாருக்கு?

“பேண்ட் 34, பெல்ட்டும் 34தான் வாங்கினேன். கடைசி ஓட்டையில்தான் மாட்ட முடிகிறது.” இந்தப் புலம்பலைக் கேட்காத பெல்ட் கடைக்காரர் இருக்க மாட்டார். பேண்ட் லேபிளில் இருக்கும் 34 பல சமயம் பேருக்குத்தான். டேப் வைத்துப் பார்த்தால் இடுப்புப் பட்டை 35, சிலதில் 35½ கூட வரும். பெல்ட் அதற்கும் வெளியே, துணியின் தடிப்பையும் உள்ளே விட்ட சட்டையையும் சேர்த்துச் சுற்றி வர வேண்டும். அதனால்தான் “பேண்ட் சைஸோடு இரண்டு கூட்டிக்கொள்” என்கிற வழக்கம் வந்தது. அது குத்துமதிப்புதான், லோ வெய்ஸ்ட் ஜீன்ஸை இடுப்பெலும்பின் மேல் போடுகிறவருக்கு அதுவும் போதாது.

நம்பகமான வழி ஒன்று உண்டு. இப்போது சரியாகப் பொருந்துகிற பழைய பெல்ட்டை மேஜையில் நீட்டிப் போடுங்கள். பக்கிளைச் சுற்றித் தோல் மடிகிற இடத்திலிருந்து, தினமும் முள் மாட்டுகிற ஓட்டை வரை அளங்கள். எந்த ஓட்டை என்று யோசிக்கவே வேண்டாம். நீள்வட்டமாக இழுபட்டு, பக்கத்தில் தோல் சுருங்கியிருப்பது அதுதான். பக்கிளையும் நுனியையும் சேர்க்கக் கூடாது.

லேபிள் 34 பேண்ட் போடுகிற ஒருவருக்கு அந்த அளவு 36½ இன்ச் வந்தது என்று வைத்துக்கொள்வோம். பெல்ட் சைஸ் என்பது பொதுவாக நடு ஓட்டை வரைக்குமான நீளம். ஐந்து ஓட்டை, ஒவ்வொன்றுக்கும் ஒரு இன்ச் இடைவெளி என்பது பரவலான அமைப்பு. ஆக 36 சைஸில் ஓட்டைகள் 34, 35, 36, 37, 38 என்று விழும். இவர் மூன்றாவதிலோ நாலாவதிலோ நிற்பார், அது போதும். 38 வாங்கினால் முதல் இரண்டு ஓட்டையில் நிற்பார். கொஞ்சம் எடை குறைந்தாலும் ஓட்டை போட ஆள் தேட வேண்டும், மிச்ச வால் இடப்பக்கம் தொங்கும்.

ஆன்லைனில் இன்னொரு பொறி இருக்கிறது. “நீளம் 110 செ.மீ.” என்று போட்டிருந்தால் அது நுனி வரைக்கும் மொத்த நீளமா, நடு ஓட்டை வரைக்குமா என்று பாருங்கள். நடு ஓட்டைக்கு அப்பால் சுமார் ஆறு இன்ச் தோல் இருக்கும் என்பதால், மொத்தம் 110 என்றால் சைஸ் சுமார் 95, அதாவது 37½ இன்ச். அதே 110 நடு ஓட்டை வரை என்றால் 43 இன்ச் இடுப்புக்காரருடைய பெல்ட் வீடு வந்து சேரும்.

அளவு கையில் இருக்கட்டும். கடையில் தொங்கும் மூன்று வகையை இந்த 36½ ஆளுக்கு மாட்டிப் பார்ப்போம்.

ஆட்டோ லாக்கில் ஓட்டையே கிடையாது. பட்டையின் பின்பக்கம் பல் பல்லாக ஒரு பிளாஸ்டிக் பட்டி தைத்திருக்கும். பக்கிளுக்குள் இருக்கும் ஸ்பிரிங் நாக்கு அதைக் கவ்விக்கொள்ளும். ஒரு பல்லுக்கும் அடுத்ததற்கும் கால் இன்ச் அளவுதான் இடைவெளி. ஓட்டை பெல்ட்டில் 36க்கும் 37க்கும் நடுவே தவிக்கிற நம்ம ஆளுக்கு இது சரியாக 36½இல் நிற்கும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு யாருக்கும் தெரியாமல் ஒரு பல் தளர்த்தலாம். நாள் முழுக்க உட்கார்ந்து வேலை பார்க்கிறவருக்கு இந்த வசதி சாதாரணமானதில்லை.

ஆனால் இது பெரும்பாலும் நீளமாக வரும். பக்கிள் பக்கத்துக் கிளிப்பைத் திறந்து, பட்டையை நாமே வெட்டி மாட்ட வேண்டும். பின்னால் அச்சடித்த சைஸ் கோட்டை நம்பி வெட்டி, பெல்ட்டையே வீணாக்கியவர்கள் உண்டு. பழைய பெல்ட்டைப் பக்கத்தில் வைத்து, ஒரு இன்ச் கூடுதலாக விட்டு வெட்டி, போட்டுப் பார்த்து, பிறகு இன்னும் அரை இன்ச் எடுப்பதுதான் முறை. பக்கிளில் தூசி அடைந்தாலோ ஸ்பிரிங் தளர்ந்தாலோ பல் நழுவ ஆரம்பிக்கும். அதைத் தெருமுனைச் செருப்புத் தைப்பவரால் சரிசெய்ய முடியாது, பக்கிளையே மாற்ற வேண்டியதுதான்.

ரிவர்சிபிளில் ஒரு பக்கம் கறுப்பு, மறு பக்கம் பிரௌன். பக்கிளை இழுத்துத் திருப்பினால் நிறம் மாறும். ஒரு பெல்ட் காசில் இரண்டு என்பதுதான் கவர்ச்சி. மூன்றில் எனக்கு நம்பிக்கை குறைந்தது இதில்தான். திரும்புகிற அந்தக் கழுத்தில்தான் இடுப்பின் மொத்த இழுவையும் விழுகிறது; நாளாக ஆக அது ஆட ஆரம்பித்து, பக்கிள் கோணலாக நிற்கும். கறுப்பாகப் போட்ட நாளில் பிரௌன் பக்கம் பேண்ட் துணியோடு உரசும். புது ஜீன்ஸ் என்றால் நீலச் சாயமும் ஏறும். பெட்டி சிறியதாக இருக்கும் வெளியூர்ப் பயணத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஒத்தைத் தோல் பெல்ட் என்பது மூன்றரை, நாலு மில்லிமீட்டர் தடிப்புள்ள ஒரே தோல் பட்டை. சாதாரண முள் பக்கிள், அவ்வளவுதான். சைஸ் தப்பினால் இதுதான் அதிகம் மன்னிக்கும். பக்கிள் ஸ்க்ரூவில் இருந்தால் கழற்றி, அந்தப் பக்கம் ஒரு இன்ச் வெட்டி, ஸ்க்ரூவுக்கும் முள்ளுக்கும் புதிதாகத் துளைத்து மாட்டலாம். தையல் போட்டிருந்தால் செருப்புத் தைப்பவர் பிரித்துத் தைப்பார். வெட்டினால் பக்கிள் பக்கம்தான், நுனிப் பக்கம் கூடாது. கூடுதல் ஓட்டையையும் பஞ்ச் கருவியால்தான் போட வேண்டும். ஆணி அடித்தால் தோல் கிழிந்து, இழுக்க இழுக்க விரியும்.

இதில் ஏமாற்று வேலையும் நிறைய நடக்கிறது. “ஒரிஜினல் லெதர்” முத்திரையைப் பார்க்காதீர்கள், ஓட்டைக்குள் பாருங்கள். ஒரே தோல் என்றால் மேலிருந்து கீழ் வரை ஒரே மாதிரி நார் தெரியும். மேலே மெல்லிய பளபளப்பு, நடுவில் அட்டை மாதிரி சாம்பல் நிறம், கீழே இன்னொரு ரெக்சின் என்று சாண்ட்விச்சாக இருந்தால், முள் அழுத்துகிற ஓட்டையில்தான் முதலில் வெடிக்கும். சில பெல்ட்டில் ஓட்டையைச் சுற்றியும் பெயின்ட் அடித்து மூடியிருப்பார்கள். அப்போது பட்டையை மடக்குங்கள். தோலில் நுணுக்கமான சுருக்கம் விழுந்து, விட்டதும் பெரும்பாலும் மறையும். ரெக்சின் பூச்சில் கோடு அப்படியே நிற்கும்.

இரண்டு அடுக்கு என்றாலே மட்டம் என்று நினைக்க வேண்டாம். மேலே ஒரு நல்ல தோல், அடியில் இன்னொரு தோல், ஓரம் முழுக்கத் தையல் என்று வருகிற ஃபார்மல் பெல்ட் மெலிதாக, நேர்த்தியாக இருக்கும். அலுவலகத்துக்கு நான் அதைத்தான் எடுப்பேன்.

அகலத்தில் யோசிக்க அதிகமில்லை. ஃபார்மல் பேண்டுக்கு 30 முதல் 35 மி.மீ., ஜீன்ஸுக்கு 38 முதல் 40. ஜீன்ஸ் லூப்பில் 30 போட்டால் பட்டை மேலும் கீழும் ஆடும். 40ஐ ஃபார்மல் லூப்பில் திணித்தால் ஓரம் மடிந்து சுருளும், சில பேண்டில் நுழையவே நுழையாது. இரண்டுக்கும் ஒன்றே வேண்டும் என்றால் 35.

பார்சல் வந்ததும் முதலில் பழைய பெல்ட்டோடு சேர்த்து நீட்டி அளந்துவிடுங்கள். கத்தரிக்கோலை அதற்குப் பிறகு எடுங்கள். வெட்டிய பட்டையை எந்தக் கடையும் திரும்ப வாங்காது.