எங்கள் பள்ளியின் ஃபேஸ்புக் பக்கத்தை மீட்ட கடிதம்

எங்கள் அரசு உயர்நிலைப் பள்ளிக்கு 2017-லிருந்து ஒரு ஃபேஸ்புக் பக்கம் இருக்கிறது. நான் இங்கே தலைமை ஆசிரியராக வந்தது 2021-இல். எட்டு வருடப் பக்கத்தில் ஏறக்குறைய ஒரு வருடம் அது யார் கையிலும் இல்லாமல் கிடந்தது. அதை எப்படித் திரும்பப் பெற்றோம், அதற்கு நான் எழுதிய கடிதம் முதலில் ஏன் பலிக்கவில்லை, அதற்குப் பிறகு இரண்டு வருடம் எப்படிப் போகிறது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். இதே நிலையில் வேறு பள்ளிகளும் இருக்கின்றன என்று கூட்டங்களில் பேசும்போது தெரிகிறது.

பக்கத்தைத் தொடங்கியவர் எங்கள் கணித ஆசிரியர். ஆர்வமுள்ள மனிதர். ஆண்டு விழா, அறிவியல் கண்காட்சி, பத்தாம் வகுப்பு முடிவு, மாணவர் சேர்க்கைப் பேரணி என்று எல்லாவற்றையும் தன் கைப்பேசியிலேயே படம் எடுத்துப் போடுவார். ஊரடங்குக் காலத்தில் கல்வித் தொலைக்காட்சியின் வகுப்பு அட்டவணையைப் பெற்றோருக்குக் கொண்டு சேர்த்ததில் வாட்சப் குழுவுக்கு அடுத்து இந்தப் பக்கத்துக்குத்தான் பங்கு. பழைய மாணவர்கள் இரண்டாயிரம் பேருக்கு மேல் பின்தொடர்ந்தார்கள். எங்கள் ஊர் அளவுக்கு அது பெரிய எண்ணிக்கை.

2022-இல் அவர் முதுகலை ஆசிரியராகப் பதவி உயர்வு பெற்று வேறு மாவட்டத்துக்குப் போனார். பணிவிடுவிப்பு ஆணை கொடுத்தோம், சால்வை போட்டோம். ஆய்வகச் சாவி, இருப்புப் பதிவேடு, மதிப்பெண் பதிவேடு எல்லாம் கையெழுத்தாகிக் கைமாறின. ஃபேஸ்புக் பக்கம் யார் நினைவிலும் வரவில்லை.

தெரிந்தது 2023 ஏப்ரலில். பழைய மாணவர் ஒருவர் நேரில் வந்து, "சார், குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரம் வாங்கித் தரலாம்னு பக்கத்துல மூணு தடவை மெசேஜ் போட்டேன், பதிலே இல்லையே" என்றார். எனக்கு வெட்கமாகிவிட்டது. அன்று மாலையே கணித ஆசிரியரை அழைத்தேன். அவர் சொன்னதைக் கேட்டதும்தான் சிக்கல் எவ்வளவு ஆழம் என்று புரிந்தது.

பக்கத்தை அவர் தன் சொந்தக் கணக்கிலிருந்து தொடங்கவில்லை. சொந்தப் படங்களும் பள்ளி வேலையும் கலக்க வேண்டாம் என்று, பள்ளியின் பெயரிலேயே தனிநபர் கணக்கு ஒன்றைத் திறந்து, அதிலிருந்து பக்கத்தை உருவாக்கியிருக்கிறார். நல்ல எண்ணம்தான். ஆனால் ஃபேஸ்புக்கில் தனிநபர் கணக்கு என்பது உண்மையான ஆளுக்கு உரியது. அந்தக் கணக்கோடு இணைத்திருந்த எண், பள்ளிக்காக வாங்கிய ஒரு சிம். அவர் போன பிறகு அதற்கு யாரும் ரீசார்ஜ் செய்யவில்லை, எண் செயலிழந்துவிட்டது. புதுக் கைப்பேசியில் நுழைய முயன்றபோது கணக்கு பூட்டிக்கொண்டு, அடையாள அட்டை கேட்டது. கணக்கின் பெயர் பள்ளியின் பெயர். அந்தப் பெயரில் ஆதார் வைத்திருப்பவர் யார்?

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். அரசு அலுவலகத்தில் பதவிக்குத்தான் அதிகாரம். நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் முத்திரையும் கோப்பும் அவருக்கு வந்துவிடும். ஃபேஸ்புக்கில் 'தலைமை ஆசிரியர்' என்று ஒருவர் கிடையாது. பக்கத்தை நடத்தும் உரிமை ஒரு தனிநபர் கணக்குக்குத்தான் உண்டு. இந்த வேறுபாடு தெரியாமல்தான் என் முதல் கடிதத்தை எழுதினேன்.

அதை இப்போது படித்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. ந.க.எண் போட்டு, பொருள், பார்வை எல்லாம் எழுதி, "மேற்படி பக்கத்தினைப் பள்ளியின் பெயருக்கு மாற்றி வழங்குமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்" என்று முடித்து, வட்ட முத்திரை குத்தி, ஆங்கிலத்தில் ஒரு பிரதியோடு உதவிப் பகுதி வழியாக அனுப்பினேன். கூடுதல் விவரம் வேண்டும் என்று பதில் வந்தது. நியாயமான பதில். எந்தப் பக்கம் என்று கடிதத்தில் இல்லை, எங்கள் பள்ளியின் பெயர் மட்டும்தான் இருந்தது. அதே பெயரில் பழைய மாணவர்கள் தொடங்கிய வேறு இரண்டு பக்கங்கள் உண்டு. யாருடைய கணக்கைச் சேர்க்க வேண்டும் என்றும் இல்லை. "பள்ளிக்கு" என்றால் அங்கே உட்கார்ந்திருப்பவர் எந்தக் கணக்கைத் தேடுவார்?

இரண்டாவது கடிதத்தை எங்கள் ஆங்கில ஆசிரியையும் நானும் இரண்டு மாலை உட்கார்ந்து எழுதினோம். அதன் சாரம் இது:

"நான் இந்த அரசு உயர்நிலைப் பள்ளியின் தலைமை ஆசிரியர். பள்ளியின் சார்பில் இந்தக் கோரிக்கையை வைக்க எனக்கு அதிகாரம் உண்டு. பொறுப்பேற்பு ஆணையின் நகல் இணைப்பில். கோரிக்கைக்கு உரிய பக்கத்தின் முகவரி இது. இதை 2017-இல் பள்ளிக்காக உருவாக்கிய ஆசிரியர் 2022-இல் பணிமாறிச் சென்றுவிட்டார். இப்போது பக்கத்தின் ஒரே நிர்வாகியாக இருப்பது அவர் அன்று திறந்த இந்தக் கணக்கு. அதில் நுழைய முடியாத நிலை. அவருடைய ஒப்புதல் கடிதம் இணைப்பில். என் சொந்தக் கணக்கான இதை முழு உரிமையுடன் சேர்க்கவும், பழைய கணக்கை நீக்கவும் கேட்டுக்கொள்கிறேன். என் அடையாள அட்டையின் நகல் இணைப்பில். மேலே கூறியவை அனைத்தும் உண்மை என்று உறுதி கூறுகிறேன்."

கையெழுத்து, பெயர், தேதி. அவ்வளவுதான். கேட்பவர் யார், அவருக்கு என்ன அதிகாரம், எந்தப் பக்கம், யாரைச் சேர்க்க, யாரை நீக்க, ஏன், இவை உண்மை என்ற உறுதிமொழி. இதில் ஒன்று விட்டாலும் கடிதம் நடக்காது. எங்கள் ஊர் வழக்கப்படி 'ஆவன செய்யவும்' என்று எழுதினால் என்ன ஆவன என்று அவர்களுக்குத் தெரியாது.

இரண்டு இணைப்புகள் பெரிதும் உதவியிருக்கும் என்று நினைக்கிறேன். ஒன்று, கணித ஆசிரியரின் ஒப்புதல் கடிதம். பழைய நிர்வாகியோடு பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்பதுதான் இத்தகைய விவகாரங்களில் முதலில் வரும் பதில். அவர் சம்மதம் கையெழுத்தாக இருந்ததால் இது சண்டை இல்லை, சாவி தொலைந்த கதை என்று தெளிவாகிவிட்டது. மற்றது, பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மான நகல். அதில் பள்ளியின் 11 இலக்க யூடைஸ் எண்ணையும் சேர்த்திருந்தோம். பெயர் ஒன்றாக இருக்கும் பள்ளிகள் ஏராளம், எண் ஒன்றாக இருக்காது. இன்னொரு சின்ன விஷயமும் செய்தோம். பக்கத்தின் அறிமுகப் பகுதியில் `Page transparency` என்று ஒன்று இருக்கும். பக்கம் எந்தத் தேதியில் உருவானது, பெயர் எப்போதெல்லாம் மாறியது என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். கடிதத்தில் எழுதிய தேதி அதோடு பொருந்துகிறதா என்று சரிபார்த்துக்கொண்டோம். நல்ல வேளை. ஆசிரியர் நினைவில் இருந்தது 2018.

காத்திருந்த வாரங்களில், "பேசாம புதுசா ஒண்ணு ஆரம்பிச்சிடலாம் சார்" என்று பலர் சொன்னார்கள். நானும் ஊசலாடினேன். ஆனால் பழைய பக்கம் அழியாது. தேடுபவருக்கு அதுதான் முதலில் வரும், அதில் செத்துப்போன தொலைபேசி எண்தான் இருக்கும். பின்னால் இரண்டையும் இணைத்துக்கொள்ளலாம் என்றால், இணைக்க இரண்டு பக்கத்துக்கும் ஒருவரே நிர்வாகியாக இருக்க வேண்டும். இணைத்தாலும் பின்தொடர்பவர்கள்தான் சேருவார்கள், ஒரு பக்கத்தின் பதிவுகளும் படங்களும் போய்விடும். ஐந்து வருட ஆண்டு விழாப் படங்களை இழக்க மனம் வரவில்லை.

2023 ஜூலையில் என் கணக்குக்கு உரிமை வந்தது. உள்ளே போய் முதலில் பார்த்தது படிக்காத செய்திகளை. குடிநீர் இயந்திரக்காரரின் மூன்று செய்திகளும் இருந்தன. அடுத்து செய்தது நீக்கும் வேலை. பழைய தேர்வு முடிவுப் பதிவுகளில் மதிப்பெண் பட்டியலையே படமெடுத்துப் போட்டிருந்தார்கள், பதிவெண், பிறந்த தேதி எல்லாம் தெளிவாகத் தெரிய. இந்த இரண்டும் இருந்தால் யாருடைய முடிவையும் யாரும் பார்த்துவிடலாம். அந்தக் காலத்தில் யாருக்கும் இது தோன்றவில்லை. ஒரு வாரம் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்தோம்.

அப்புறம் ஏற்பாட்டை மாற்றினோம். அமைப்புகளில் `Page access` என்ற இடத்தில் ஆட்களைச் சேர்க்கலாம். முழு உரிமை கொடுப்பதா இல்லையா என்று அங்கே கேட்கும். முழு உரிமை உள்ளவர் மற்றவரை நீக்கலாம், பக்கத்தையே அழிக்கலாம், அதனால் அதை அள்ளிக் கொடுக்கவில்லை. நானும் ஆங்கில ஆசிரியையும் மட்டும் முழு உரிமையோடு, அவரவர் உண்மைப் பெயரில் உள்ள சொந்தக் கணக்கிலிருந்து. படம் போடும் இரு ஆசிரியர்களுக்கு அந்த வேலைக்கு மட்டும் அனுமதி. ஒருவர் மட்டும் நிர்வாகியாக இருக்கக் கூடாது என்பதற்கு நான் அறிந்த இன்னொரு காரணமும் உண்டு. ஒரே நிர்வாகி இறந்து அவர் கணக்கு நினைவுக் கணக்காக மாற்றப்பட்டால், பக்கமும் நீக்கப்பட்டுவிடும்.

இரண்டு வருடப் பயன்பாட்டில் குறை இல்லாமல் இல்லை. சொந்தக் கணக்கிலிருந்து நடத்துவதால், பள்ளியின் பெயரில் போட வேண்டியதை என் பெயரிலும், என் பேத்தி படத்துக்கான வாழ்த்தைப் பள்ளியின் பெயரிலும் போட்டிருக்கிறேன். எந்தப் பெயரில் இருக்கிறோம் என்று மேலே உள்ள படத்தைப் பார்த்துவிட்டுத் தட்டச்சு செய்யும் பழக்கம் வர ஆறு மாதம் ஆனது. கணித ஆசிரியர் பள்ளி பெயரில் தனிக் கணக்கு திறந்த காரணம் அப்போது நன்றாகப் புரிந்தது.

பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில் இப்போது ஒரு வரி கூடியிருக்கிறது. பதிவேடுகளுக்கும் பீரோ சாவிக்கும் கீழே, 'பள்ளியின் ஃபேஸ்புக் பக்கம்: முழு உரிமை உள்ளோர் பெயர்' என்று.

இந்த ஜூனில் ஆங்கில ஆசிரியைக்கு மாறுதல் கிடைத்தது. பணிவிடுவிப்பு ஆணை என் மேசையில் தயாராக இருந்தது. "பஸ்ஸுக்கு நேரமாச்சு சார்" என்றார். புதிதாக வந்த சமூக அறிவியல் ஆசிரியருக்கு அவர் அழைப்பு அனுப்பி, அவர் அதை ஏற்று, பட்டியலில் அவர் பெயர் வந்த பிறகுதான் பேனாவைத் திறந்தேன்.