ஏழு எண், ஒரு வட்டம்: சின்னக் கடைக்கான வார லீவு அட்டவணை, நீண்ட நாள் பயன்பாட்டு அனுபவம்

வேலூரில் சத்துவாச்சாரி, காட்பாடி பக்கம் இருக்கிற நடுத்தர மளிகைக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். காலை 8 மணிக்குத் திறந்து இரவு 9:30-க்கு அடைக்கிற கடை, வாரம் ஏழு நாளும் வியாபாரம், வேலைக்கு ஏழு பேர். இந்த அளவுக் கடைக்காகப் போட்ட சுற்று அட்டவணை இது. 49 நாளில் ஒரு சுற்று முடியும். பல சுற்று ஓட்டிப் பார்த்த பிறகு எது நின்றது, எது இடித்தது என்பதை எழுதுகிறோம்.

பெரும்பாலான கடைகளில் ஆளுக்கொரு கிழமையை நிரந்தரமாக ஒதுக்கிவிடுகிறார்கள். ஒருவருக்குத் திங்கள், ஒருவருக்குச் செவ்வாய். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் அதிகம் என்பதால் அன்று யாருக்கும் கிடையாது, அல்லது சீனியர் ஒருவருக்கு மட்டும். பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் லீவு இருக்கிற நாளில் அப்பாவோ அம்மாவோ வருஷம் முழுக்கக் கடையில் நிற்க வேண்டியிருக்கும். ஆள் நிற்காமல் போவதற்குச் சம்பளத்துக்கு அடுத்த காரணம் இதுதான் என்பது எங்கள் கருத்து.

மாற்று வழி, லீவு நாளை வாரத்துக்கு ஒரு கிழமை நகர்த்துவது. இங்கே இரண்டு இடத்தில் தப்பு நடக்கிறது. முதல் தப்பு, எந்தப் பக்கம் நகர்த்துவது என்பதில். முன்னோக்கி, அதாவது இந்த வாரம் திங்கள் என்றால் அடுத்த வாரம் செவ்வாய் என்று நகர்த்தினால், இரண்டு லீவுக்கு நடுவில் ஏழு வேலை நாள் வரும். பின்னோக்கி நகர்த்தினால் நடுவில் ஐந்தே நாள்தான், நன்றாக இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் சுற்று முடிகிற இடத்தில் அது கழுத்தை நெரிக்கும். ஞாயிறில் தொடங்குகிற அட்டவணையில் ஒருவர் வாரத்தின் முதல் நாளான ஞாயிறு லீவு எடுத்தால், அடுத்த வாரம் அவர் கடைசி நாளான சனிக்குப் போக வேண்டும். நடுவில் 12 நாள் தொடர்ந்து வேலை. முன்னோக்கி நகர்த்தும்போது இதே முனையில் சனி முடிந்து அடுத்த வாரத்து ஞாயிறு வரும், இரண்டு நாள் சேர்ந்த லீவு கிடைக்கும்.

இரண்டாவது தப்பு, அட்டவணையைத் திங்களில் தொடங்குவது. கம்ப்யூட்டரில் போடுகிறவர்கள் பலர் அப்படித்தான் போடுகிறார்கள். திங்களில் தொடங்கினால் சேர்ந்து வரும் இரண்டு நாள் ஞாயிறு, திங்கள் ஆகிவிடும். திங்களன்று பிள்ளைகள் பள்ளிக்குப் போய்விடும். ஞாயிறில் தொடங்கினால்தான் சனி, ஞாயிறு சேரும். இன்னொரு காரணமும் உண்டு. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-இன்படி நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி, வாரம் ஒரு முழு நாள் லீவு. வாரத்தை ஞாயிறு முதல் சனி வரை எண்ணும்போது, திங்களில் தொடங்கிய அட்டவணையில் ஒருவருக்குச் சனி லீவுக்குப் பிறகு ஒரு முழு வாரம் லீவே இல்லாமல் போகும், அதற்கடுத்த வாரத்தில் இரண்டு விழும். பதிவேட்டில் அது குறையாகத்தான் தெரியும். ஞாயிறில் தொடங்கினால் எந்த வாரத்திலும் எல்லாருக்கும் சரியாக ஒரு லீவு, ஆறு வேலை நாள், 48 மணி.

ஷிஃப்ட் மூன்று. காலை 8 முதல் 5 வரை, நடு 10 முதல் 7 வரை, இரவு 12:30 முதல் 9:30 வரை. ஒவ்வொன்றிலும் ஒரு மணி நேரம் சாப்பாட்டு இடைவேளை, வேலை 8 மணி. ஒருவர் லீவு போக மீதி ஆறு பேர். காலைக்கு 2, நடுவுக்கு 1, இரவுக்கு 3. மாலை 6-க்கு மேல்தான் கூட்டம் என்பதால் இரவுக்கு ஆள் அதிகம். 12:30 முதல் 5 வரை ஆறு பேரும் கடையில் இருப்பது வீண்போலத் தெரியும். வேலூர் வெயிலில் மதியம் யாரும் வாங்க வரமாட்டார்கள் என்பதும் உண்மைதான். ஆனால் ஆறு பேரும் முறைவைத்துச் சாப்பிட, சரக்கு இறக்கி அடுக்க, பருப்பு வகைகளைப் பாக்கெட் போட அந்த நேரம்தான் கிடைக்கும்.

இனி முக்கியமான விஷயம். ஏழு பேருக்கும் 1 முதல் 7 வரை எண் கொடுத்து, ஒரு அட்டையில் கடிகாரம்போல வட்டமாக எழுதிவிட வேண்டும். முதல் ஞாயிறு 1-க்கு லீவு, திங்கள் 2-க்கு, இப்படியே சனி 7-க்கு. அடுத்த ஞாயிறும் 7-க்கே, திங்கள் 1-க்கு. இன்று யாருக்கு லீவு என்று தெரிந்தால் ஷிஃப்ட் தானாக வந்துவிடும். லீவு எண்ணுக்கு அடுத்த இரண்டு எண் காலை, அதற்கடுத்தது நடு, மீதி மூன்றும் இரவு. இன்று 4-க்கு லீவு என்றால் 5, 6 காலை, 7 நடு, 1, 2, 3 இரவு.

இந்த வரிசைக்குக் காரணம் இருக்கிறது. லீவுக்கு முந்தின நாள் காலை ஷிஃப்டில் இருப்பவர் 5 மணிக்கே வீட்டுக்குப் போகிறார். லீவு முடிந்து வரும்போது இரவு ஷிஃப்ட், அதாவது மதியம் 12:30-க்கு வந்தால் போதும். நடுவில் 43 மணி 30 நிமிடம். இதையே தலைகீழாக, இரவு முடித்து லீவு போய்க் காலை வரச் சொன்னால் 34 மணி 30 நிமிடம்தான். கடைக்குப் பைசா செலவில்லாமல் ஒவ்வொரு லீவும் 9 மணி நீளுகிறது. சனி, ஞாயிறு சேர்ந்து வருகிறவருக்கு வெள்ளி 5 மணி முதல் திங்கள் 12:30 வரை 67 மணி 30 நிமிடம், ஊருக்குப் போய்வரலாம். இரவிலிருந்து காலைக்கு மாறும்போது நடு ஷிஃப்ட் ஒரு படியாக இருப்பதால், இரவு 9:30-க்கு முடித்து மறுநாள் 8-க்கு ஓடிவருகிற நிலை வட்டத்தில் எங்குமே வராது. அடைத்துக் கணக்கு முடித்து பஸ் பிடித்து வீடு சேர மணி பதினொன்று ஆகிறவருக்கு இது பெரிய விஷயம்.

கூகுள் ஷீட்டில் வைப்பதானால், `B1`-இல் முதல் ஞாயிறின் தேதி, `A2` முதல் கீழே தேதிகள். லீவு எண் வர இது போதும்:

```
=MOD(WEEKDAY(A2)-1-INT((A2-$B$1)/7),7)+1
```

எல்லாம் வரும் என்றாலும், சுவரில் அட்டை ஒன்று தொங்கட்டும். செல்போனில் மட்டும் இருந்தால் சண்டை வரும்.

49 நாளில் ஒவ்வொருவருக்கும் 7 லீவு, 21 இரவு, 14 காலை, 7 நடு. ஏழு பேருக்கும் ஒரே எண்ணிக்கை. யாரும் யாரையும் கைகாட்ட முடியாது. வருஷத்துக்கு ஆளுக்கு 7 அல்லது 8 ஞாயிறு. குறைவுதான். ஏழு பேர் வைத்து ஞாயிறும் ஆறு பேர் வேண்டும் என்கிற கடையில் இதற்கு மேல் வராது. சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள கடைகளுக்குக் கணக்கு வேறு. அங்கே ஞாயிறு வெளிநோயாளர் கூட்டம் இல்லாததால் அன்று இரண்டு மூன்று பேரைச் சேர்த்து அனுப்பலாம், இந்த வட்டம் தேவையே இல்லை.

இடித்த இடங்களில் முதலாவது கல்லா. இரண்டு பேருக்கு மட்டும் பில் போடத் தெரிந்தால் இந்த அட்டவணை ஓடாது. எப்படி எண் கொடுத்தாலும் வாரத்தில் பல நாள் காலை 8 முதல் 10 வரை கல்லாவில் உட்கார ஆள் இருக்காது. 1, 3, 5 என்று மூன்று பேருக்குத் தெரிந்தால், 5-க்கு லீவு இருக்கிற நாள் மட்டும் 10 மணி வரை முதலாளி உட்கார வேண்டும். 7-க்கும் கற்றுக்கொடுத்துவிட்டால் அந்த ஓட்டையும் அடைபடும். அட்டவணையைத் தொடங்குமுன் செய்ய வேண்டிய வேலை இது. தொடங்கிய பிறகு கற்றுக்கொடுக்க நேரம் கிடைக்காது.

இரண்டாவது, லீவை மாற்றிக்கொள்வது. “நீ என் திங்களை எடுத்துக்கோ, உன் வெள்ளியை எனக்குக் கொடு” என்பது சாதாரணப் பேச்சு. கணக்குப் போட்டால் பயமாக இருக்கும். திங்கள்காரர் போன வாரம் ஞாயிறு லீவு எடுத்தவர். இப்போது வெள்ளி வரை தள்ளினால் தொடர்ந்து 11 நாள் வேலை. வெள்ளிக்காரர் திங்களே எடுத்துவிட்டார், அவருக்கு அடுத்தது மறுவாரம் சனி. அவருக்கும் 11 நாள். பத்தாம் நாள் பில்லில் தப்பு, வாடிக்கையாளரிடம் எரிச்சல் என்று தெரிந்துவிடும். அதனால் இரண்டு நாளுக்கு மேல் தள்ளிய மாற்றலுக்கு அனுமதி வேண்டாம். அப்போதும் 9 நாள் வரும், அதுவே அதிகம்.

மூன்றாவது, திடீரென்று ஆள் வராதது. காலைக்காரர் வரவில்லை என்றால் நடு ஷிஃப்ட் ஆளை 8-க்குக் கூப்பிடத்தான் கை போகும். அவர் பெரும்பாலும் நேற்று இரவு கடை அடைத்தவர். 10 மணி வரை ஒரு ஆள் குறைவாகவே ஓட்டுங்கள். இரவுக்காரர் வரவில்லை என்றால் நடு ஆளை 12:30-க்கு வரச் சொல்லலாம், ஆனால் மறுநாள் அவரைக் காலை 8-க்குப் பதில் 10-க்கு வரச் சொல்ல வேண்டும். இந்த இரண்டாவது பாதியை மறந்துவிடுகிறார்கள்.

கடைசி பஸ் காரணமாக ஒருவரால் இரவு ஷிஃப்ட் செய்யவே முடியாது என்றால், அவருடைய 21 இரவும் மற்ற ஆறு பேர் தலையில் விழும், ஒரு சுற்றுக்கு ஆளுக்கு மூன்றரை. அதை முன்கூட்டியே எல்லார் முன்னாலும் சொல்லிச் சம்மதம் வாங்குங்கள், அல்லது இரவுக்குத் தனிப்படி கொடுங்கள்.

பண்டிகை வந்தால் வட்டத்தைத் தொடக்கூடாது. பொங்கலுக்குக் கடை அடைப்பு, அன்று 3-க்கு வார லீவு விழுகிறது என்றால் 3-க்கு வேறொரு நாள் தனியாகக் கொடுக்க வேண்டும். வட்டத்தை ஒரு நாள் தள்ளினால் ஏழு பேருடைய ஞாயிறும் கலைந்துவிடும். தீபாவளிக்கு முந்தின வாரம் எல்லாரும் வந்தாக வேண்டும் என்றால், தவறிய லீவுகளை மறுமாதம் 15-லிருந்து 25-க்குள், சம்பளக் கூட்டம் அடங்கின நாட்களில் ஒவ்வொருவராகக் கொடுக்கலாம். எந்தத் தேதி என்பதைத் தீபாவளிக்கு முன்பே அட்டையில் எழுதிவிடுங்கள். ரம்ஜான், கிறிஸ்துமஸ் கொண்டாடுகிறவர்கள் கடையில் இருந்தால், தீபாவளியன்று அவர்கள் நின்று, அவர்கள் பண்டிகையன்று மற்றவர்கள் நிற்கிற ஏற்பாடு வேலூரில் இயல்பாகவே நடக்கிறது. வெள்ளி ஜும்மா தொழுகைக்குப் போகிறவர் அன்று இரவு ஷிஃப்டில் இருந்தால், அவருடைய ஒரு மணி இடைவேளையைத் தொடக்கத்திலேயே வைத்து 1:30-க்கு வரச் சொல்லலாம். அதற்குப் பிறகு 5:30 வாக்கில் 15 நிமிடம் டீக்கு விடுங்கள், இல்லையென்றால் 9:30 வரை எட்டு மணி நேரம் ஒரே மூச்சாகிவிடும்.

ஒருவர் வேலையை விட்டு நின்றால் ஆறு பேருக்கு அட்டவணையைத் திருப்பிப் போடத் தோன்றும். போடாதீர்கள். அவர் எண்ணைக் காலியாகவே வைத்துச் சுற்றுங்கள். காலி எண்ணுக்கு லீவு வருகிற நாளில் ஆறு பேரும் இருப்பார்கள். மற்ற நாளில் ஐந்து பேர். காலி எண் இரவில் விழும் நாளில் மட்டும் மாலை 5 முதல் 9:30 வரை பகுதிநேர ஆள் ஒருவரை வையுங்கள். புதிதாகச் சேருகிறவர் அந்த எண்ணிலேயே வந்து உட்காரலாம், அவருக்கு முதல் ஞாயிறு எது என்பதைச் சேரும் அன்றே சொல்லிவிடலாம்.